டைப் 1 நீரிழிவு உள்ள மாணவிக்காகப் பள்ளிக்கு எழுதிய கடிதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறுமிக்கு 9 வயது, எடை 26 கிலோ. மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அப்பா வாடகை வேன் ஓட்டுகிறார், அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில் ஓயாத தாகம் எடுத்தது. இரவில் படுக்கையில் சிறுநீர் போனாள், எடை இறங்கியது. வெயில் சூடு என்று இளநீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்கு வந்தபோது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலை. டைப் 1 நீரிழிவு என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்கே நீரிழிவுப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். ஊசி போடுவதையும் சர்க்கரை பார்ப்பதையும் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

வீட்டுக்கு அனுப்பும்போது இரவில் போட, நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் சாதாரண இன்சுலின் என்று எழுதிக்கொடுத்தார் மருத்துவர். சாதாரண இன்சுலினை உணவுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அதன் வேகம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும், அதற்குப் பிறகும் சில மணி நேரம் இருக்கும். விலை குறைவு என்பதால் நிறையக் குடும்பங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதில் பெரிய சங்கடம் இல்லை. பள்ளி நேரத்தோடுதான் இது உரசும்.

முதல் கடிதமும் பள்ளியின் பதிலும்

பள்ளிக்குத் திரும்பும் நாளில் அம்மா கையில் இருந்தது மருத்துவமனைச் சான்றிதழ் ஒன்றுதான். 'இச்சிறுமி டைப் 1 நீரிழிவுக்காக இன்சுலின் சிகிச்சையில் உள்ளார். பள்ளியில் தக்க ஒத்துழைப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' மருத்துவர் கையெழுத்து, முத்திரை, அவ்வளவுதான். பல மருத்துவமனைகளில் இப்படித்தான் தருகிறார்கள்.

தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "ஊசி போடுற பொறுப்பையெல்லாம் நாங்க எடுத்துக்க முடியாதும்மா, மதியம் நீங்களே வந்து போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் ஒப்புக்கொண்டார். தினமும் 12.10-க்குக் கேட்டுக்கு வந்து, வகுப்பிலிருந்து மகளை அழைத்து ஊசி போட்டுவிட்டு, 12.40-க்கு அவள் சாப்பிடத் தொடங்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்புவார். ஜவுளிக்கடை முதலாளி கொஞ்ச நாள் பொறுத்தார், அப்புறம் அரைநாள் சம்பளம் பிடிக்கத் தொடங்கினார்.

அந்தச் சான்றிதழ் தலைமை ஆசிரியையின் கோப்பைத் தாண்டவில்லை. வகுப்பாசிரியைக்குத் தெரிந்ததெல்லாம் 'பிள்ளைக்கு சுகராம், இனிப்பு கொடுக்கக் கூடாதாம்' என்பதுதான். விளையாட்டு ஆசிரியருக்கு அதுவும் தெரியாது. இனிப்பே கூடாது என்ற எண்ணம் ஓர் ஆசிரியர் மனதில் பதிந்துவிட்டால், சர்க்கரை இறங்கி நிற்கும் பிள்ளை கையிலிருக்கும் குளுக்கோஸைக்கூட அவர் நல்லெண்ணத்தில் பிடுங்கி வைத்துவிடலாம்.

கவனித்தவை

ஆகஸ்டில் பரிசோதனைக்கு வந்தபோது அம்மா இரண்டு குறைகள் சொன்னார். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டைரியில் எழுதிவிடுகிறார்கள். எழுத்தும் கெட்டுப்போய்விட்டது. பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். பெரும்பாலான பக்கங்களில் கையெழுத்து அச்சுப்போல இருந்தது. சில பக்கங்களில் மட்டும் பாதிக்குமேல் எண்கள் கட்டத்தை விட்டு இறங்கி, கடைசி வரிகளில் பென்சில் அழுத்தமே இல்லாமல் கோடாகப் போயிருந்தது.

தேதிகளைப் பார்த்தோம். கெட்ட பக்கங்கள் அநேகமாகச் செவ்வாய், வியாழனில்தான் இருந்தன. கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அந்த இரண்டு நாட்களில்தான் மூன்றாவது பீரியட் விளையாட்டு, நான்காவது கணக்கு. காலை ஊசி 7.10-க்கு, இட்லி 7.40-க்கு. சாதாரண இன்சுலின் 9 மணிக்கு மேல் 11 மணிவரை உச்சத்தில் இருக்கும். 10.40-க்கு இடைவேளை, அது வெறும் பத்து நிமிடம். சிற்றுண்டி டப்பா பையில் இருக்க, பிள்ளை கழிவறை வரிசையில் நின்றுவிட்டு நேராக மைதானத்துக்கு ஓடிவிடுகிறாள். 10.55 முதல் 11.35 வரை ஓட்டம். உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஊசியின் உச்சம், தின்னாத சிற்றுண்டி, ஓட்டம் மூன்றும் ஒரே மணி நேரத்தில் வந்து விழுகின்றன.

அம்மா கேட்டுக்கு வரும் 12.10-க்குச் சர்க்கரை பார்த்ததில்லை. பார்க்காமலே ஊசி போட்டிருக்கிறார். அடுத்த வியாழன் 11.45-க்கு அப்பா பள்ளிக்குப் போய் அனுமதி கேட்டுப் பார்த்தார். மீட்டரில் 52. பிள்ளை வியர்க்கவில்லை, நடுங்கவில்லை, மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, போங்கப்பா" என்று எரிந்து விழுந்தாள். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறும். அந்த நிலையில் கணக்குப் போடச் சொன்னால் எண்கள் கட்டத்தில் நிற்காது. புத்தகங்களில் முதலில் வரும் வியர்வையும் நடுக்கமும் இவளிடம் இல்லை. சோர்வு, சிடுசிடுப்பு, சரிந்த கையெழுத்து இவைதான் இவளுடைய அறிகுறிகள்.

பதறிப்போன அப்பா ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் கொடுத்துவிட்டார். கொழுப்பு கலந்த இனிப்பு மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். தேறவும் நேரமானது, மாலையில் மீட்டர் 290 காட்டியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பள்ளி மறுக்கிறது என்று பெற்றோர் கோபத்தில் இருந்தார்கள். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியதை அப்பா தேடி எடுத்து வைத்திருந்தார். மருத்துவர் பரிந்துரைத்தால் டைப் 1 குழந்தை வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் ஆசிரியர் அனுமதிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தை அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார் அவர். தலைமை ஆசிரியையின் வார்த்தையைத் திரும்ப யோசித்துப் பார்த்தால், அவர் பிள்ளையை மறுக்கவில்லை. ஊசி போட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர் பயம். பயந்தவரிடம் ஆணையத்தை முதல் வரியில் காட்டினால் கோப்பு இன்னும் தடிமனாகும், வகுப்பறையில் ஒன்றும் மாறாது. அதனால் அதைக் கடைசியில் ஒரே வரியாக வைத்தோம். கடிதத்தின் நடுவில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதினோம்.

அதற்கு முன் மருந்தைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. அரை மணி நேரம் முன்னால் போடும் ஊசி என்றால் நான்காம் பீரியடின் நடுவில் பிள்ளையை எழுப்ப வேண்டும். மருத்துவர் மதிய வேளைக்கு மட்டும் அதிவேக இன்சுலின் பேனா எழுதினார். அதைச் சாப்பிட உட்காரும்போது போடலாம். அவள் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிடும் பழக்கம் உள்ளவள் என்பதால், சாப்பிட்டு முடித்த கையோடு போடச் சொன்னார். முன்னால் போடுவதைவிட இதில் பிற்பகல் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விடும் ஆபத்தைவிட அது மேல் என்பது அவர் கணக்கு. செலவு கூடியது. ஆனால் அம்மாவின் அரைநாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கட்டுப்படியானது.

பேனாவில் இன்னொரு வசதி. வீட்டில் குப்பி மருந்துக்கு மில்லிக்கு 40 அலகு என்ற சிரிஞ்ச், பேனாவில் இருப்பது மில்லிக்கு 100 அலகுச் செறிவு. சிரிஞ்சும் குப்பியும் பள்ளிக்குப் போகவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் எடுத்ததை இன்னொன்றின் அளவில் பார்த்துக் குழம்ப வழியில்லை.

தாழ்சர்க்கரைக்கு எவ்வளவு இனிப்பு என்பதற்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்ற கணக்கு உண்டு. 26 கிலோவுக்கு 8 கிராம் வருகிறது. ஆசிரியரை ஸ்பூனால் அளக்கச் சொல்லாமல், அம்மாவே 10 கிராம் குளுக்கோஸ் பொடியைச் சின்னச் சின்ன கவர்களில் கட்டிவைத்தார். கடிதத்தில் கிராம் கணக்கே இல்லை, 'ஒரு பொட்டலம்' என்றுதான் இருக்கிறது.

குளுக்ககான் ஊசி பற்றியும் பேசினோம். நினைவிழந்த பிள்ளைக்குப் போடும் மருந்து அது. எங்கள் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பள்ளி அதை ஏற்காது என்பது தெரிந்தது. மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில் இருந்ததால் அதை விட்டுவிட்டு 108-ஐ எழுதினோம். தொலைவான கிராமப் பள்ளியாக இருந்தால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

வீட்டில் ஒரு தயக்கமும் இருந்தது. "பொண்ணுப் புள்ள, ஊர் முழுக்கத் தெரிய வேண்டாம்" என்றார் பாட்டி. அதற்காக யாருக்குமே சொல்லாமல் இருக்க முடியாது. யார் யாருக்குச் சொல்லலாம் என்பதைக் கடிதத்திலேயே பெற்றோர் எழுதினார்கள். பக்கத்தில் உட்காரும் தோழியிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சிறுமி கேட்டுக்கொண்டாள்.

கடிதம்

பெற்றோர் பெயரில் ஒரு பக்கம். மருத்துவர் அதன் கீழே சரிபார்த்துக் கையெழுத்திட்டார். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.
>
> எங்கள் மகளுக்கு டைப் 1 நீரிழிவு. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டதால் ஊசியாகப் போடுகிறோம். இனிப்பு சாப்பிட்டதால் வந்தது அல்ல, மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாது. பள்ளி நேரத்தில் சர்க்கரை திடீரென்று குறைவதுதான் உடனே கவனிக்க வேண்டியது. அப்போது அவளுக்கு இனிப்புதான் மருந்து.
>
> குறைந்தால் எப்படித் தெரியும்: சோர்ந்து மேசையில் தலை வைப்பாள், காரணமில்லாமல் எரிச்சல்படுவாள், கையெழுத்து வரியை விட்டு இறங்கும். விளையாட்டுக்குப் பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் அதிகம் நடக்கலாம். "ஒன்றுமில்லை" என்று அவள் சொன்னாலும் தயவுசெய்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். அவளே பார்த்துக்கொள்வாள்.
>
> 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கைவசம் இல்லாவிட்டால்: உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பொட்டலம் குளுக்கோஸைச் சாப்பிடச் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் குறைவாக இருந்தால் இன்னொரு பொட்டலம், எங்களுக்கு போன். பொட்டலங்கள் அவள் பையிலும், உங்கள் மேசையிலும், விளையாட்டு ஆசிரியரிடமும், பேருந்து உதவியாளரிடமும் இருக்கும். எங்கும் தனியாக அனுப்ப வேண்டாம்.
>
> நினைவில்லாவிட்டால், வலிப்பு வந்தால்: வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள், பிறகு எங்களை.
>
> தினசரி: 10.40-க்குச் சிற்றுண்டியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். விளையாட்டு நாளில் அதற்கு முன் சர்க்கரை பார்ப்பாள். 90-க்குக் கீழே என்றால் ஒரு பொட்டலம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு விளையாடலாம். 90 முதல் 125 வரை என்றால் கூடுதலாக ஒரு சின்ன வாழைப்பழம். விளையாட்டிலிருந்து அவளை விலக்க வேண்டாம். மதியம் கை கழுவிவிட்டுச் சர்க்கரை பார்த்து, சாப்பிட்டு முடித்ததும் அவளே பேனாவால் ஊசி போட்டுக்கொள்வாள்.
>
> உங்களிடம் கேட்பது: பேனாவில் திருப்பிய எண்ணும் அளவுச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து நோட்டில் கையெழுத்து இடுங்கள். நீங்கள் ஊசி போட வேண்டாம், அளவை முடிவு செய்யவும் வேண்டாம். எண் பொருந்தாவிட்டால் ஊசியை நிறுத்திவைத்து எங்களை அழையுங்கள். சற்றுத் தாமதமானால் பெரிய பாதிப்பு இல்லை, அளவு கூடினால் ஆபத்து.
>
> சர்க்கரை கூடினால்: தாகமும் சிறுநீரும் அதிகமாகும். தண்ணீருக்கும் கழிவறைக்கும் கேட்டவுடன் அனுமதியுங்கள். 250-க்கு மேல் இருந்து வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால், அல்லது மீட்டரில் எண்ணுக்குப் பதில் HI என்று வந்தால், உடனே அழையுங்கள். நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம்.
>
> இதை வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள், விளையாட்டு ஆசிரியர், பேருந்து உதவியாளர் ஆகியோருக்குச் சொல்லலாம். பிள்ளைகள் முன் அறிவிக்க வேண்டாம். குழந்தைகள் உரிமை ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரையின் நகலை இணைத்திருக்கிறோம்.

இதன் முதல் வரைவில் மதிய அளவு '3 யூனிட்' என்று கடிதத்துக்குள்ளேயே இருந்தது. மருத்துவர் அதை நீக்கச் சொன்னார். நோய் தெரிந்து சிகிச்சை தொடங்கிய பிறகு கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் சில மாதம் கொஞ்சம் சுரக்கும், அப்போது ஊசித் தேவை குறையும், அப்புறம் ஏறும். மாறப்போகும் எண்ணை மாறாத கடிதத்தில் வைக்கக் கூடாது. அளவு தனிச்சீட்டுக்குப் போனது. தேதி, மதிய அளவு, அம்மா கையெழுத்து மட்டும் அதில் இருக்கும். புதுச்சீட்டு வரும்போது பழையதைக் கிழித்துவிட வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

பெற்றோர் கடிதத்தைக் கொடுத்தபோது நானும் உடன் போனேன். தலைமை ஆசிரியை முதலில் நிறுத்திப் படித்த வரி, 'நீங்கள் ஊசி போட வேண்டாம்.' அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. கேட்டதில் பெரும்பாலானவற்றுக்குச் சம்மதித்தார். ஊசி நுனியும் விரலில் குத்தும் லான்செட்டும் குப்பையில் விழக் கூடாது என்றார், அது நியாயம். தடிமனான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாராவாரம் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று ஆயிற்று.

பேனாவும் மீட்டரும் அலுவலக அறையில் இருக்கட்டும் என்று முதலில் முடிவானது. அலுவலக ஊழியர் சாப்பிடப் போகும் நேரமும் பிள்ளைகள் சாப்பிடும் நேரமும் ஒன்று, போகும்போது அறையைப் பூட்டிவிடுவார். முதல் வாரத்திலேயே பிள்ளை பூட்டிய கதவுக்கு முன் நின்றாள். அதோடு, 11.45-க்கு மீட்டர் வேண்டுமென்றால் மாடியிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும், சர்க்கரை குறைந்திருக்கும் பிள்ளையை நடக்கவே வைக்கக் கூடாது. மீட்டர் அவள் பைக்கு மாறியது, பேனா குளிர்ப்பையோடு ஆசிரியர்கள் அறைக்கு மாறியது. பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஃபிரிட்ஜ் தேவையில்லை.

செவ்வாய், வியாழன் மாறியது. 10.40-க்கு வகுப்பாசிரியை சிற்றுண்டி டப்பா திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார். தாழ்சர்க்கரை அடியோடு நிற்கவில்லை, இன்சுலின் போடும் பிள்ளைக்கு நிற்கவும் நிற்காது. ஆனால் நோட்டில் இருந்தவை 60-களில் பிடிக்கப்பட்டு ஒரு பொட்டலத்தில் தேறியவை. பிற்பகலில் 290 போவதும் குறைந்தது. அம்மா மதியம் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும் இறங்கியிருந்தது. அதைக் கடிதத்தின் கணக்கில் சேர்க்க மாட்டேன். சிகிச்சை தொடங்கினாலே அது இறங்கும்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் வகுப்பாசிரியை விடுப்பு. மாற்று ஆசிரியைக்கு எதுவும் தெரியாது. நான்காம் பீரியடில் மீட்டரை எடுத்தவளை "என்ன விளையாட்டுச் சாமான்?" என்று வாங்கி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த தோழி எழுந்து, "மிஸ், அவளுக்கு இப்ப குளுக்கோஸ் குடுக்கணும் மிஸ்" என்று சொல்லி, மேசை இழுப்பறையில் இருந்த பொட்டலத்தைக் காட்டியிருக்கிறாள். சாப்பிட்டதும் பிள்ளை தேறினாள். சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பது தெரியவில்லை. சிறுமி தானே சொல்லிக்கொள்வதாகக் கேட்ட அந்த ஒரு விஷயம் அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாரையும்விட வேலை செய்தது. எட்டு ஒன்பது வயதுத் தோழியின் தலையில் அந்தப் பொறுப்பை வைப்பது சரியல்ல என்பதும் உண்மை.

மாற்றியவை

அடுத்த நாளே கடிதத்தின் ஐந்து வரிச் சுருக்கம் ஒன்று வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டப்பட்டது. யார் மாற்றாக வந்தாலும் பதிவேட்டைத் திறக்காமல் வகுப்பு தொடங்க முடியாது. சுருக்கத்தில் இருப்பது அவளுடைய அறிகுறிகள், பொட்டலம் இருக்கும் இடம், தனியாக அனுப்ப வேண்டாம், நினைவில்லை என்றால் வாயில் எதுவும் வேண்டாம் 108, பெற்றோர் எண். ஊசி பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தேர்வுக்குத் தனிப் பத்தி சேர்த்தோம். அரையாண்டுத் தேர்வில் மீட்டரையும் பொட்டலத்தையும் உள்ளே விடலாமா என்று கண்காணிப்பாளர் கேட்டதால் வந்தது அது. சி.பி.எஸ்.இ. வாரியம் 2017-லேயே டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்தது என்பதை எடுத்துச் சொன்னோம். இந்தப் பள்ளி வேறு வாரியம் என்றாலும் அந்த முன்னுதாரணம் பயன்பட்டது. தேர்வுக்கு முன் சர்க்கரை பார்ப்பது, நடுவில் தேவைப்பட்டால் பொட்டலம், அதற்கு இழந்த நிமிடங்களைக் கூட்டித் தருவது என்று எழுதிக் கொடுத்தோம். முதல் இரண்டையும் ஏற்றார்கள். நேரம் பற்றி வாரியத்திடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்போது டைப் 1 என்று தெரிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும், சான்றிதழ் எழுதும் முன் பள்ளியின் கால அட்டவணையைக் கொண்டுவரச் சொல்கிறோம். மதிய ஊசி எது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். இந்தச் சிறுமிக்கு ஜூனில் ஐந்தாம் வகுப்பு. புது ஆசிரியை, புது அட்டவணை. விளையாட்டு கடைசி பீரியடுக்குப் போயிருந்தது. அதனால் 10.40 பத்தி சுருங்கியது, பேருந்து உதவியாளருக்கான பத்தி நீண்டது.